வாட், மணி, எண்ணிக்கை: வீட்டு மின் கணக்கைச் சரிபார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். வீட்டில் உள்ள சாதனங்களை எல்லாம் எழுதி, மாதம் எத்தனை யூனிட் ஆகும் என்று கணக்குப் போட்டு, அது பில்லோடு ஒத்துவரவில்லை என்று தாளோடு வருபவர்கள் உண்டு. அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குக் கீழ் வீட்டு அக்காவின் தாளையே எடுத்துக்கொண்டேன், அவர் சம்மதித்துத்தான்.

எல்லாவற்றையும் கூட்டினால் 347 யூனிட் வருகிறது. பில்லில் 154தான் இருக்கிறது. மீட்டர் தப்பா, என் கணக்கு தப்பா?

கணக்குதான். ஆனால் பெருக்கலில் தப்பு இல்லை. வாட்டை ஒரு நாளைக்கு ஓடும் மணியால் பெருக்கி, எண்ணிக்கையால் பெருக்கி, 30 நாளால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் மாத யூனிட் வரும். அக்காவின் மகன் கம்ப்யூட்டரில் போட்டிருந்த வரியும் சரியாகவே இருந்தது:

```
=B2*C2*D2*30/1000
```

பிழை உள்ளே போன எண்களில் இருந்தது. வாட் என்று எழுதியது சாதனத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் அதிகபட்ச வாட். மணி என்று எழுதியது சுவிட்ச் போட்டிருந்த நேரம். கீசரும் ஃப்ரிட்ஜும் சுவிட்ச் போட்டிருக்கும் நேரம் முழுக்க மின்சாரம் இழுப்பதில்லை. இந்த இரண்டு வரிகளில் மட்டுமே நூறு யூனிட்டுக்கு மேல் கூடிவிட்டது.

ஃப்ரிட்ஜில் 150 வாட் என்று போட்டிருக்கிறது, 24 மணி நேரமும் ஓடுகிறது. 108 யூனிட் என்று எழுதினால் என்ன தப்பு?

24 மணி நேரமும் ப்ளக் சொருகியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே போதுமான அளவு குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும், சூடு ஏறினால் மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் வகை ஃப்ரிட்ஜ் நிற்பதற்குப் பதில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி சமையலறையில் நின்று காது கொடுத்துக் கேட்டால் பழைய ஃப்ரிட்ஜ் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஃப்ரிட்ஜுக்கு வாட்டை வைத்துக் கணக்குப் போடவே வேண்டாம். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சடித்திருப்பார்கள். அதை 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 212 என்று இருந்தால் மாதம் ஏறக்குறைய 18. பழைய ஃப்ரிட்ஜ், கதவு ரப்பர் தளர்ந்தது என்றால் அதைவிடக் கூடுதலாகும்.

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் லேபிள் என்றைக்கோ கிழிந்துபோயிருந்தது. பொங்கலுக்குச் சேலம் போனபோது ஃப்ரிட்ஜையும் வைஃபை ரூட்டரையும் தவிர எல்லாவற்றையும் ப்ளக்கில் இருந்து எடுத்துவிட்டு, மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது 4312.6 என்று இருந்தது 4315.7 ஆகியிருந்தது. 3.1 யூனிட். ரூட்டர் 10 வாட், நாளுக்கு 0.24 யூனிட், மூன்று நாளுக்கு 0.72. அதைக் கழித்தால் ஃப்ரிட்ஜுக்கு 2.38, அதாவது நாளுக்கு 0.8. ஆள் இருக்கும்போது கதவைத் திறந்து மூடுவதால் கொஞ்சம் கூடும் என்று 0.9 வைத்தோம். மாதத்துக்கு 27. எழுதியிருந்த 108-இல் கால் பங்கு.

கீசரைக் காலையில் ஒன்றரை மணி நேரம் போடுகிறோம். 2000 வாட். அப்படியானால் 90 யூனிட் ஆகத்தானே வேண்டும்?

ஒன்றரை மணி நேரமும் சூடாக்கினால் ஆகும். தொட்டி உள்ள கீசரில் தண்ணீர் வைத்த சூட்டுக்கு வந்ததும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்திவிடும். பலவற்றில் சிவப்பு விளக்கு அணைவதைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

கீசருக்கு மணியைவிட வாளிக் கணக்குதான் நம்பகமானது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். இது எந்தக் கம்பெனி கீசருக்கும் ஒன்றுதான், தண்ணீரின் குணம் அது. குளிக்க ஒரு வாளி, 18 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல்தொட்டித் தண்ணீர் 24 டிகிரி, குளிக்கும் சூடு 40 டிகிரி, வித்தியாசம் 16. 18-ஐ 16-ஆல் பெருக்கி 1.16-ஆல் பெருக்கினால் 334 வாட்-மணி, அதாவது ஒரு வாளி வெந்நீருக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. கொதிக்கக் கொதிக்கப் பிடித்துப் பச்சைத் தண்ணீர் கலந்தாலும் வாளியில் சேரும் சூடு அதேதான் என்பதால் கணக்கு மாறாது.

நாலு பேர், நாலு வாளி: ஒரு நாளைக்கு 1.34 யூனிட், மாதம் 40. குழாயிலும் தொட்டியிலும் வீணாகும் சூட்டுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 44 வைக்கலாம். 1.34 யூனிட்டை 2000 வாட் ஹீட்டர் நாற்பது நிமிடத்தில் கொடுத்துவிடும். மீதி ஐம்பது நிமிடம் சுவிட்ச்தான் போட்டிருந்தது, ஹீட்டர் பெரும்பாலும் நின்றிருந்தது.

டிசம்பர், ஜனவரியில் பில் ஏறுவதும் இதே கணக்கில் தெரியும். மேல்தொட்டித் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கினால் வித்தியாசம் 20 ஆகிறது, ஒரு வாளிக்கு 0.42 யூனிட். மாதம் 40 இருந்தது 50 ஆகும். யாரும் கூடுதலாகக் குளிக்கவில்லை, ஆனாலும் பத்து யூனிட் கூடுகிறது. ஷவரில் குளிப்பவர்கள் ஒருநாள் வாளியில் பிடித்துப் பார்த்து எத்தனை லிட்டர் ஆகிறது என்று அளந்துகொண்டு கணக்குப் போடுங்கள்.

மூன்று ஃபேன் இருக்கிறது. ஒரு ஃபேன் பத்து மணி நேரம் ஓடும் என்று போட்டு மூன்றால் பெருக்கலாமா?

மூன்றும் ஒரே மாதிரி ஓடினால் பெருக்கலாம். பெரும்பாலான வீட்டில் அப்படி ஓடாது. அக்கா வீட்டில் படுக்கையறை ஃபேன் ஒன்பது மணி, ஹாலில் எட்டு, பையன் படிக்கும் அறையில் மூன்று. மொத்தம் இருபது. தாளில் முப்பது என்று ஆகியிருந்தது. 75 வாட்டுக்கு அந்தப் பத்து மணி வித்தியாசம் மாதம் 22.5 யூனிட்.

ஆகவே எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1 என்று போட்டுவிட்டு, மணி என்ற இடத்தில் எல்லா ஃபேனும் ஓடிய மணியைக் கூட்டி எழுதுங்கள். விளக்குக்கும் அப்படித்தான். ஆனால் மணியைக் கூட்டி எழுதிவிட்டு எண்ணிக்கையில் 3 என்றும் போட்டால் மூன்று மடங்காகிவிடும். ஒரு வரி மட்டும் பூதாகரமாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பத்து நிமிடத்தை எப்படி எழுதுவது? 0.10 என்றா?

0.17 என்று எழுத வேண்டும், பத்தை அறுபதால் வகுத்து. ஒன்றரை மணிக்கு 1.5. பலர் 1.30 என்று எழுதுகிறார்கள், அது ஒரு மணி பதினெட்டு நிமிடம் ஆகிவிடுகிறது.

கம்ப்யூட்டரில் அதைவிட மோசமான ஒன்று நடக்கும். 1:30 என்று தட்டினால் அது கடிகார நேரமாக எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு நாளின் பின்னமாக, 0.0625 என்று வைத்துக்கொள்ளும். கட்டத்தில் பார்க்க 1:30 என்று அழகாகத்தான் இருக்கும். கீசர் வரியில் 90 வரவேண்டிய இடத்தில் 3.75 வந்து நிற்கும். ஏதாவது வரி இருபத்துநாலு மடங்கு குறைவாக இருந்தால் காரணம் இதுதான்.

ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து பெருக்கிப் பார்க்க முடியாது. பார்த்த மாத்திரத்தில் தப்பு தெரிய வழி உண்டா?

ஒரே ஒரு அளவுகோலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் மாதம் 30 யூனிட். 100 வாட் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே 30. மற்றதை இதோடு ஒட்டிப் பாருங்கள். 750 வாட் மிக்சி பத்து நிமிடம் என்றால் 30-க்குப் பக்கத்திலேயே வர முடியாது. 4 வந்தால் சரி. 10 வாட் ரூட்டர் நாள் முழுக்க என்றால் 7. சின்னதாக இருந்து ஓயாமல் ஓடுவது, பெரிதாக இருந்து பத்து நிமிடம் ஓடுவதைவிட அதிகம் இழுக்கும் என்பது இதில் தெரிந்துவிடும்.

சரி, எல்லாம் திருத்திய பிறகு அந்த வீட்டுக் கணக்கு எவ்வளவு வந்தது?

பழைய எண்ணும் திருத்திய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில்:

| சாதனம் | முதலில் எழுதியது | திருத்தியது |
|---|---|---|
| ஃபேன் | 67.5 | 45 |
| விளக்கு | 21.6 | 8 |
| ஃப்ரிட்ஜ் | 108 | 27 |
| கீசர் | 90 | 44 |
| டிவி | 15 | 9 |
| மிக்சி | 11.3 | 4 |
| வாஷிங் மெஷின் | 12 | 3 |
| அயர்ன் பாக்ஸ் | 15 | 3 |
| ரூட்டர் | 7.2 | 7 |
| மொத்தம் | 347.6 | 150 |

விளக்கில், ஆறும் 20 வாட் டியூப் என்று எழுதியிருந்தார். உண்மையில் இரண்டுதான் டியூப், மற்ற நாலும் 9 வாட் பல்பு. வாஷிங் மெஷின் ஒருநாள் விட்டு ஒருநாள் பச்சைத் தண்ணீரில் ஓடுவது. வெந்நீரில் துவைக்கும் மெஷினாக இருந்தால் 3 போதாது. அயர்ன் பாக்ஸ் வாரத்தில் மூன்று நாள், அதுவும் கீசரைப் போல விட்டுவிட்டுச் சூடாவது.

150 முப்பது நாளுக்கு. அந்த மாத பில் 31 நாளுக்கு இருந்தது. 150-ஐ 30-ஆல் வகுத்து 31-ஆல் பெருக்கினால் 155. பில்லில் 154. ரீடிங் எடுக்க வருபவர் எல்லா மாதமும் ஒரே தேதியில் வருவதில்லை. அதனால் பில்லில் உள்ள முந்தைய ரீடிங் தேதியையும் இந்த ரீடிங் தேதியையும் பார்த்து நாளை எண்ணிக்கொள்ளாமல் ஒப்பிடாதீர்கள். மூன்று நாள் கூடினாலே இந்த வீட்டுக்கு 15 யூனிட்.

மொத்தம் ஒத்துவந்துவிட்டால் கணக்கு சரி என்று வைத்துக்கொள்ளலாமா?

அவசரப்படக் கூடாது. ஃபேனில் இருபது கூடுதலாகவும் கீசரில் இருபது குறைவாகவும் எழுதியிருந்தாலும் மொத்தம் ஒத்துவரும். அதை நம்பி ஃபேனை மாற்றினால் நினைத்த அளவுக்கு பில் குறையாது. பெரிய வரிகளில் ஒன்றையாவது தனியாக மீட்டரில் பார்த்துவிட வேண்டும்.

ஃபேனை இப்படிப் பார்த்தோம். மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் `3200 imp/kWh` என்ற மாதிரி அச்சடித்திருக்கும். 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். மதிய நேரத்தில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் விட்டோம். ஒரு சிமிட்டலில் ஸ்டாப்வாட்சை ஆரம்பித்து, அதற்கு அப்புறம் பத்து சிமிட்டல் எண்ணினோம். 150 நொடி ஆனது.

```
W = 3600000 × n / (imp × t)
W = 3600000 × 10 / (3200 × 150) = 75
```

n சிமிட்டல், t நொடி. உங்கள் மீட்டரில் 3200-க்குப் பதில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 75 வாட் என்றால் பதினைந்து நொடிக்கு ஒரு சிமிட்டல்தான், பொறுமை வேண்டும். பிஎல்டிசி ஃபேன் என்றால் அதைவிட இரண்டு மடங்கு நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிவரும், ஏனென்றால் அது 30 வாட் சுற்றித்தான் இழுக்கும். கீசரை இப்படி எண்ண முடியாது, நொடிக்கு இரண்டு முறை போலச் சிமிட்டும். அதற்குக் குளிக்கும் முன்னும் பின்னும் `kWh` ரீடிங்கைக் குறித்துக்கொள்வதே வசதி. பொத்தானை அமுக்கினால் திரையில் வேறு வேறு எண்கள் மாறி மாறி வரும். `kW` என்று இருப்பதை எழுதிவிடாதீர்கள், அது வேறு.

என் கணக்கு 110தான் வருகிறது, பில் 160. எதை விட்டுவிட்டேன்?

பில் கூடுதலாக வந்தால் முதலில் விட்டுப்போன சாதனத்தைத் தேடுங்கள். செட்டாப் பாக்ஸ், வாட்டர் ஃபில்டர், மொட்டைமாடி விளக்கு, கரண்ட் போய் வந்த பின் பேட்டரி ஏற்றும் யுபிஎஸ் இவையெல்லாம் தாளில் வராது. அதன் பிறகும் மிச்சம் இருந்தால் மோட்டாரைப் பாருங்கள்.

இந்த மோட்டார் விஷயத்தை நான் அனுபவித்திருக்கிறேன். முன்பு குடியிருந்த காம்பவுண்டில் நான்கு வீடு, ஒரே சம்ப், ஒரே மோட்டார். மாதாமாதம் எனக்கு மட்டும் முப்பது யூனிட் கணக்கில் வராமல் நின்றது. ஒருநாள் வீட்டின் மெயின் எம்சிபியை இறக்கிவிட்டு மீட்டர் முன் நின்றேன். விளக்கு சிமிட்டவில்லை. கீழே மோட்டார் போட்டார்கள், உடனே வேகவேகமாகச் சிமிட்டத் தொடங்கியது. மீட்டருக்கும் என் மெயினுக்கும் நடுவில் இருந்து மோட்டாருக்கு ஒயர் போயிருந்தது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். 746 வாட் என்பது அது வெளியே கொடுக்கும் வேலை. உள்ளே இழுப்பது அதைவிடக் கூடுதல். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதம் முப்பது. கணக்கு அச்சாகப் பொருந்தியது. வீட்டுக்காரரிடம் வீடியோவைக் காட்டிய பிறகுதான் ஒயரை மாற்றினார்கள்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். மெயினை இறக்கியபின் விளக்கு அணைந்தே இருந்தாலோ, சில மீட்டரில் போலச் சிமிட்டாமல் நின்று எரிந்தாலோ, எதுவும் ஓடவில்லை என்று பொருள். சிமிட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டர் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம்.

ஏசி போட்டால் எவ்வளவு கூடும்? 1500 வாட்டை எட்டு மணியால் பெருக்கினால் பயமாக இருக்கிறது.

ஃப்ரிட்ஜைப் போலவே இதற்கும் லேபிளைப் பாருங்கள். ஏசி லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட், ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. 800 என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். எட்டு மணி நேரம் என்றால் இரவுக்கு நாலு யூனிட், மாதம் 120. 1500-ஐ வைத்துப் போட்ட 360 வராது.

க்ருஹ ஜோதி இலவச வரம்புக்குள் இருப்போமா என்று இந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும். இந்தத் தெருவில் பலர் கணக்குப் போடத் தொடங்கியதே அதற்காகத்தான். கர்நாடகத்தில் 2023-இல் வந்த இந்தத் திட்டத்தில் 200 யூனிட் வரை எல்லோருக்கும் இலவசம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு வரம்பு, அந்த இணைப்பின் 2022-23 ஆண்டு மாத சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்தது. அதற்கு மேல் 200 வரை போனால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டினால் அந்த மாதம் முழு பில்லையும் கட்ட வேண்டும்.

அக்கா வீட்டுச் சராசரி 150, வரம்பு 165. இப்போது 31 நாளுக்கு 155 வருகிறது. டிசம்பரில் கீசர் மட்டும் பத்து கூடினால் 165, வரம்பின் விளிம்பில் நிற்கிறார்கள். ஊரில் இருந்து அம்மாவும் அப்பாவும் வந்து ஒரு மாதம் தங்கினால் குளிர்காலத்தில் இன்னும் இரண்டு வாளி, அதாவது 25 யூனிட், அப்புறம் ஒரு ஃபேன். ஏறக்குறைய 200-ஐத் தொட்டுவிடும். அந்த மாதத்தில் ரீடிங் எடுத்த தேதியில் இருந்து பதினைந்தாம் நாள் மீட்டரைப் பார்த்து, நூறுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். இதற்காகவே மீட்டர் எண்ணை எழுத ஒரு காலண்டரை அவர் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார்.